போட்டோவில் வந்த அடகுச் சீட்டு: வட்டியையும் கெடுவையும் பிரித்துச் சொல்வது

அடகுச் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதுல எவ்வளவு கட்டணும்னு பார்த்துச் சொல்லு” என்று கேட்கிற அக்காவுக்கு உண்மையில் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். இன்றைக்குப் போனால் எவ்வளவு ஆகும், எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும், தேதி தாண்டினால் நகை என்ன ஆகும். மூன்றுக்கும் வேண்டியது பெரும்பாலும் அந்தச் சீட்டிலேயே இருக்கும். ஆனால் கடையில் வாயால் சொன்னது ஒன்றாகவும் சீட்டில் இருப்பது வேறாகவும் இருப்பது சகஜம் என்பதால், சீட்டை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னால் அந்த அக்கா கடையில் போய் நிற்கும்போது திண்டாடிப் போவார்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற அடகுக் கடைச் சீட்டைப் பற்றி. வங்கிச் சீட்டும், நகைக்கடன் நிறுவனச் சீட்டும் வேறு விதிகளில் ஓடுகின்றன. அவற்றைப் பின்னால் சுருக்கமாகப் பார்க்கலாம்.

முதலில் படம். வருகிற படங்களில் பாதி கணக்குக்கு உதவாது. சீட்டு நான்காக மடித்து அரிசி டப்பாவிலோ பீரோ லாக்கரிலோ கிடந்திருக்கும். மடிப்பு சரியாகத் தேதியின் மேல் விழுந்திருக்கும். பல கடைகளில் நம் கைக்கு வருவது கார்பன் நகல் என்பதால், எழுத்து ஒரு வரி மேலோ கீழோ தள்ளிப் பதிந்து, எடைக் கட்டத்தில் தொகையும் தொகைக் கட்டத்தில் வட்டியும் இருப்பதுபோல் தெரியும். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் கார்பன் எழுத்து வெளுத்துவிடும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, சீட்டைத் தட்டையாக விரித்து, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தை யாரும் தாமாக அனுப்புவதில்லை. நிபந்தனைகள் அச்சடித்திருப்பதும், இடையில் வட்டி கட்டியிருந்தால் அதைக் குறித்திருப்பதும் அங்கேதான்.

தொகையை எண்ணிலும் எழுத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்தில் 1-ம் 7-ம் குழம்பும். எடையில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருக்கும்: 16.400 என்றால் 16 கிராம் 400 மில்லி, அதாவது இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. புள்ளி பதியாமல் போய், 16400 என்று படித்துப் பயந்தவர்களும் உண்டு.

இனி ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். தேதி 12-06-2024. பொருள்: தங்கச் சங்கிலி 1. மொத்த எடை 16.400, நிகர எடை 15.900. கடன் தொகை 60,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம் என்று அச்சில் இருக்கிறது. கேள்வி வரும் நாள் 20-03-2025.

அந்த 16 சதவீதம் கடைக்காரர் இஷ்டத்துக்கு எழுதியது அல்ல. தமிழ்நாடு அடகுக் கடைக்காரர்கள் சட்டம் 1943-ன் கீழ் அரசு நிர்ணயித்திருக்கும் உச்ச வரம்பு அது. அதனால்தான் ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் அதே எண் அச்சாகியிருக்கும். ஆனால் அக்காவிடம் கேட்டால், “ரெண்டு வட்டின்னு சொன்னாங்க” என்பார். ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 24. சீட்டில் இருக்கும் 16-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் 33 காசுதான் வருகிறது. “16 பெரிசா, 2 பெரிசா” என்று கேட்டால் பலரும் 16-ஐத்தான் பெரிது என்பார்கள். ஒன்று வருஷக் கணக்கு, இன்னொன்று மாசக் கணக்கு என்பதை முதலில் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இது பிடிபடாமல் மேலே போனால் மற்ற எதுவும் ஏறாது.

இப்போது கணக்கு. 60,000-க்கு 16 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 9,600, மாதத்துக்கு 800. ஜூன் 12-லிருந்து மார்ச் 12 வரை ஒன்பது மாதம். அதற்கு மேல் எட்டு நாள். நாள் கணக்கில் எண்ணினால் மொத்தம் 281 நாள்: 9,600-ஐ 365-ஆல் வகுத்து 281-ஆல் பெருக்கினால் 7,391 ரூபாய். ஆனால் பெரும்பாலான கடைகள் மாதக் கணக்குதான் வைத்திருக்கின்றன; ஒரு நாள் கூடினாலும் அடுத்த மாதம் முழுசாகச் சேரும். அப்படி எண்ணினால் பத்து மாதம், 8,000 ரூபாய். கடை வாயால் சொன்ன ரெண்டு வட்டிக்கு மாதம் 1,200. பத்து மாதத்துக்கு 12,000.

ஒரே சீட்டு, ஒரே நாள், மூன்று விடைகள்: 7,391, 8,000, 12,000. அக்காவிடம் ஒற்றை எண்ணைச் சொல்லாமல் இந்த மூன்றையும் சொல்லுங்கள். கடையில் 68,000 கேட்டால் மாதக் கணக்கு. 72,000 கேட்டால் சீட்டில் இருக்கும் வட்டி அல்ல, வாயால் சொன்ன வட்டி. கேட்கும் தொகையை வைத்தே எந்தக் கணக்கு ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மாதக் கணக்கு என்றால் கடைக்குப் போகும் நாளில் காசு இருக்கிறது. இந்தச் சீட்டுக்கு ஒவ்வொரு மாதமும் 12-ம் தேதி தாண்டியதும் அடுத்த மாத வட்டி ஏறும். பணம் 10-ம் தேதியே கையில் இருந்தும், “வெள்ளிக்கிழமை பார்த்துப் போகலாம்” என்று 14-ம் தேதி போனால், அந்த நான்கு நாளுக்கு 800 ரூபாய். ரெண்டு வட்டிக் கடையானால் 1,200.

அடுத்து, கேட்காவிட்டால் வெளியே வராத ஒரு கேள்வி: “அக்கா, அன்னைக்குக் கையில எவ்வளவு வாங்கினீங்க?” சீட்டில் 60,000 என்று இருக்கும். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது 58,800 ஆக இருக்கலாம். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அப்படியானால் முதல் மாதம் கட்டியாகிவிட்டது. திருப்பும்போது பத்து மாதம் எண்ணக் கூடாது, ஒன்பதுதான் பாக்கி. அதை யாரும் சீட்டில் குறித்திருக்க மாட்டார்கள் என்பதால் அந்த மாதத்தை இரண்டாம் முறை கேட்பது எளிது. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. வைத்த அன்று கல்லாவில் இருந்தவர் வேறு, திருப்பும் அன்று இருப்பவர் வேறாக இருக்கலாம். வைத்த அன்றே பின்பக்கத்தில் “முதல் மாத வட்டி வரவு” என்று எழுதி வாங்கிவிட்டால் இந்தப் பேச்சு வராது. 58,800 வாங்கிவிட்டு 60,000-க்கு வட்டி கட்டுவதால், உண்மையான வட்டி அவர்கள் சொல்வதைவிட ஒரு பொடி அதிகம் என்பதையும் காதில் போட்டு வைக்கலாம்.

இடையில் கொஞ்சம் பணம் கட்டியிருந்தால் கணக்கு மாறும். டிசம்பர் 12-ம் தேதி 10,000 ரூபாய் கட்டினார் என்று வையுங்கள். சீட்டு வட்டிப்படி அதுவரை ஆறு மாதத்துக்கு 4,800. அது போக மீதி 5,200 அசலில் கழிய வேண்டும். அசல் 54,800 ஆகிவிடும், அதற்குப் பிறகு மாத வட்டி 731 ரூபாய்தான். பல கடைகளில் அசலைத் தொடாமல், பின்பக்கம் “வரவு 10,000” என்று மட்டும் எழுதிவிட்டு, கடைசியில் 60,000-க்கே முழு வட்டி போட்டு 10,000-ஐக் கழிப்பார்கள். இதில் வரும் வித்தியாசம் மாதம் 69 ரூபாய். சிறிசுதான். ஆனால் பெரிய தொகையை வைத்த கொஞ்ச நாளிலேயே கட்டியவருக்கு இது பெரிசாகும். பணம் கட்டும்போது கேட்க வேண்டியது, “இது வட்டியில எவ்வளவு, அசல்ல எவ்வளவுன்னு எழுதிக் குடுங்க” என்பது ஒன்றுதான்.

கெடுவுக்கு வருவோம். சட்டப்படி, வைத்த நாளை விட்டுவிட்டு ஒரு வருஷம் மீட்கும் காலம். அதற்கு மேல் ஏழு நாள் சலுகை. ஒப்பந்தத்தில் கூடுதல் காலம் கொடுக்கலாம், குறைக்க முடியாது. நம் சீட்டில் 12-06-2024 வைத்த நாள். அதை எண்ணாமல் 13-லிருந்து தொடங்கினால் ஒரு வருஷம் முடிவது 12-06-2025. ஏழு நாள் சேர்த்தால் 19-06-2025. “ஆறு மாசத்துல மூழ்கிடும்” என்று கடையில் சொன்னதாக அக்கா சொன்னால், சீட்டின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலும் அது சீக்கிரம் வட்டி கட்ட வைக்கும் பேச்சு.

மூழ்கிடும் என்ற சொல்லே பாதிப் பயத்துக்குக் காரணம். கெடு தாண்டிய மறுநாளே நகை கடைக்காரர் சொத்தாகிவிடாது. சட்டம் அவருக்குக் கொடுப்பது பகிரங்க ஏலத்தில் விற்கும் உரிமை. ஏலத்தில் போகும்வரை அசலும் வட்டியும் கட்டி மீட்கலாம். ஏலத்தில் போய்விட்டாலும், அசல், வட்டி, ஏலச் செலவு போக மிஞ்சுவது நகை வைத்தவருக்குச் சேர வேண்டியது. நம் சங்கிலி ஏலத்தில் ஒரு லட்சத்துக்குப் போனால், 60,000 அசலும் 9,600 வட்டியும் போக 30,400 மிஞ்சுகிறது. அதில் ஏலச் செலவைக் கழித்து மீதியை அக்கா கேட்டு வாங்கலாம். கேட்காதவருக்கு யாரும் வீடு தேடி வந்து கொடுப்பதில்லை.

ஏல அறிவிப்பு சீட்டில் எழுதிய முகவரிக்குத்தான் வரும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இங்கேதான் இடி விழுகிறது. வைத்தது பழைய வீட்டில் இருந்தபோது, தபால் போவதும் அங்கேதான். சீட்டில் கணவர் பெயரும் அவருடைய பழைய போன் எண்ணும் இருந்தால் கடையிலிருந்து வரும் போனும் கிடைக்காது. படம் பார்க்கும்போது முகவரியை வாசித்துக் காட்டி, “இப்பவும் இங்கதானா இருக்கீங்க?” என்று கேளுங்கள். மாறியிருந்தால் நேரில் போய்க் கடைப் பதிவில் மாற்றச் சொல்ல வேண்டும்.

கெடுவைத் தேதியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், அது எந்தச் செலவுக் காலத்தில் விழுகிறது என்றும் பாருங்கள். ஜூன் 12 என்பது பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். ஃபீஸ் கட்டத்தான் போன வருஷம் நகை உள்ளே போனது. ஒரு வருஷக் கெடு என்பதால், மறுபடியும் ஃபீஸ் கட்டும் மாதத்திலேயே வந்து நிற்கிறது. எந்த நெருக்கடியில் வைத்தோமோ அதே நெருக்கடியில்தான் கெடுவும் முடியும். இது வருஷக் கெடுவின் இயல்பு. ஏப்ரலில் சிட் ஃபண்ட் பணமோ போனஸோ வருமென்றால், வீட்டுத் தினக் காலண்டரில் ஏப்ரல் 10-ம் தேதித் தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஜூனில் எழுதினால் பயனில்லை.

ஜூனில் பணம் இல்லை என்றால் கடையில் சொல்வது, “மாத்தி வச்சுக்கலாம்” என்பது. இதில் இரண்டு வகை. வட்டி 9,600-ஐக் கட்டிவிட்டு 60,000-க்கே புதுச் சீட்டு போடுவது ஒன்று. கையில் அதுவும் இல்லாமல் வட்டியையும் அசலில் சேர்த்து 69,600-க்குப் புதுச் சீட்டு போடுவது இன்னொன்று. இரண்டாவதில் அடுத்த வருஷ வட்டி 11,136. ரெண்டு வட்டிக் கணக்கில் இதையே செய்தால், முதல் வருஷ முடிவில் 74,400-க்குப் புதுச் சீட்டு, இரண்டாம் வருஷ முடிவில் திருப்ப 92,256 வேண்டும். அக்கா கையில் வாங்கியது 60,000-தான். புதுச் சீட்டில் பழைய தேதியும் பழைய எண்ணும் இருக்காது என்பதால், படத்தை மட்டும் பார்க்கிற நமக்கு இது முதல் முறை வைத்த நகையா, மாற்றி வைத்ததா என்று தெரியாது. அடகுத் தொகை 69,600, 74,400 என்று முழுசாக இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். யாரும் 74,400 வேண்டும் என்று கேட்டு நகை வைப்பதில்லை.

எழுபது, எண்பதாயிரம் என்று பேசினால் பலருக்கும் தலை சுற்றும். அதையே நாளுக்கு எவ்வளவு என்று சொன்னால் பிடிபடும். சீட்டு வட்டியில் இந்தச் சங்கிலிக்கு நாளுக்கு 26 ரூபாய். ரெண்டு வட்டியில் 39 ரூபாய் 45 காசு. “அக்கா, தினம் ஒரு பால் பாக்கெட் காசு உங்க சங்கிலிக்குப் போகுது” என்றால், எந்த நகையை முதலில் திருப்புவது என்று அவரே முடிவு செய்துவிடுவார். ஒன்றுக்கு மேல் சீட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆசையான நகையை முதலில் எடுப்பார்கள். கணக்குப்படி, வட்டி வீதம் அதிகமாக இருப்பதை முதலில் எடுக்க வேண்டும். தாலிக்கொடி உள்ளே இருக்கும்போது இந்த வாதம் எடுபடாது, எடுபட வேண்டியதும் இல்லை.

சீட்டில் 16 இருக்க, கடை 24 வாங்குவது சட்ட மீறல். உரிமம் கொடுப்பது தாசில்தார் அலுவலகம். சீட்டில் உரிம எண் இருக்கும், அதைக் குறிப்பிட்டு அங்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம். நடைமுறையில் பலரும் கொடுப்பதில்லை. அடுத்த அவசரத்துக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு இருக்கிறது. அதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். சண்டை வேண்டாம் என்பவருக்கும் ஒரு வழி உண்டு: “வட்டி எவ்வளவு, எந்தத் தேதி வரைக்கும்னு ரசீதுல எழுதித் தாங்க” என்று கேட்பது. 12,000 என்று எழுதிக் கொடுத்தால் அது சீட்டில் அச்சடித்த வீதத்தோடு ஒத்துப்போகாது என்பது கடைக்காரருக்குத் தெரியும். பல இடங்களில் அங்கேயே தொகை இறங்கும். உரிம எண்ணே இல்லாமல் வெறும் துண்டுச் சீட்டில் தொகையும் தேதியும் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் கணக்கு, கெடு எதையும் பேசிப் பயனில்லை. எப்படியாவது புரட்டி நகையை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை.

படத்தில் வந்தது வங்கிச் சீட்டாகவோ நகைக்கடன் நிறுவனச் சீட்டாகவோ இருந்தால் மேலே சொன்ன 16 சதவீத வரம்பும் ஏழு நாள் சலுகையும் பொருந்தாது. அவை ரிசர்வ் வங்கி விதிகளின்படி நடப்பவை. வட்டி பெரும்பாலும் நாள் கணக்கு. அசலையும் வட்டியையும் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டும் நகைக்கடனுக்கு, வீட்டுச் செலவுக்கு வாங்கியதென்றால், 12 மாதத்துக்கு மேல் காலம் கிடையாது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளில் ஒன்றை மட்டும் அக்காவிடம் சொல்லி வையுங்கள்: முழுத் தொகையும் கட்டிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் பக்கத்துத் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும்.

திருப்பப் போகும் நாளில் அசல் சீட்டு கையில் வேண்டும். போனில் இருக்கும் படம் கணக்குப் பார்க்க மட்டும்தான். சீட்டைக் கொண்டுவருபவரையே மீட்க வந்தவராகக் கடை எடுத்துக்கொள்ளக் கூடும் என்பதால், அதை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவதும், படத்தைக் குடும்பக் குரூப்பில் போடுவதும் வேண்டாம். பணத்தைக் கல்லாவில் வைக்கும் முன் தொகையை எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். நகை வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே தராசில் போடச் சொல்லி, சீட்டில் இருக்கும் மொத்த எடையோடு ஒப்பிட வேண்டும். நம் சங்கிலிக்கு 16.400. நிகர எடையான 15.900-ஐத் தராசில் தேடினால் குழப்பம் வரும். அது கல், அழுக்கு, பற்றவைப்பு ஆகியவற்றுக்காகக் கழித்து, கடன் போடுவதற்கு எடுத்துக்கொண்ட எடை. கொக்கி, வளையம் எல்லாம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். சீட்டில் “தங்கச் சங்கிலி 1” என்று மட்டும் இருந்தால் டாலர் காணாமல் போனாலும் பேச முடியாது. அதனால் அடுத்த முறை வைக்கும்போது, டாலரோடு சேர்த்து எழுதச் சொல்லி, தராசில் எடை தெரியும்போதே நகையோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.